சூரிய மின்கலம்: விடை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சூரிய வெப்பம் மின்கலத்தில் மின்சாரமாக மாறுகிறது." விடைத்தாள்களில் அடிக்கடி வரும் வரி இது. தவறான வரி. வேலை செய்வது வெப்பம் அல்ல, ஒளி.

சிலிக்கானில் அணுக்களோடு பிணைந்திருக்கும் எலக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிவப்பு ஒளியின் ஒரு துகளிடம், அதாவது ஒரு ஃபோட்டானிடம், சுமார் 1.8 இருக்கிறது, நீல ஒளியிடம் சுமார் 2.7. இரண்டுமே எலக்ட்ரானை விடுவித்துவிடும். ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான்தான். மிஞ்சும் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. 1.1-க்கும் குறைவான ஆற்றலுள்ள அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு விழுந்தாலும் பயனில்லை.

சூடு ஏறினால் மின்கலத்தின் வோல்ட்டேஜ் குறையவே செய்யும். பேனலில் எழுதியிருக்கும் வாட் அளவு, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. மே மாத மொட்டை மாடியில் அது 65 டிகிரிக்குப் போகலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீத இழப்பு என்று வைத்தால், கூடுதலான 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். வெயில் அதே அளவு இருந்தாலும் 300 வாட் பேனல் 258 வாட்தான் தரும்.

அடுத்த தவறு, "ஒளி பட்டதும் எலக்ட்ரான் விடுபடுகிறது, மின்னோட்டம் பாய்கிறது" என்று பாதியில் நிறுத்துவது. முக்கியமான படியே இங்கு விடுபட்டுவிடுகிறது. விடுபட்ட எலக்ட்ரானை யாரும் இழுக்காவிட்டால், அது ஏதாவது ஒரு துளையில், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடத்தில், விழுந்து அடங்கிவிடும். இழுப்பதற்காகத்தான் இரண்டு அடுக்குகள். ஒன்றில் பாஸ்பரஸ் கலந்திருக்கும், மற்றதில் போரான். பாஸ்பரஸ் அணுவுக்கு வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள், சிலிக்கானுக்கு 4, போரானுக்கு 3. இதைப் படித்துவிட்டு "பாஸ்பரஸ் அடுக்கு எதிர்மின் சுமை கொண்டது" என்று எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. பாஸ்பரஸ் அணுவின் கருவில் அதற்கேற்ப ஒரு புரோட்டானும் கூடுதலாக இருப்பதால், தனியாக எடுத்தால் அடுக்கு நடுநிலையானதே.

இரண்டு அடுக்குகளும் சேரும் இடத்தில்தான் மாற்றம். பாஸ்பரஸ் பக்கத்தில் உதிரியாக இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லையைத் தாண்டி போரான் பக்கத்துத் துளைகளை நிரப்புகின்றன. இதனால் எல்லையில் பாஸ்பரஸ் பக்கம் நேர்மின் சுமையும் போரான் பக்கம் எதிர்மின் சுமையும் பெற்று, நடுவே ஒரு மின்புலம் உருவாகிறது. பிறகு ஒளியால் விடுபடும் எலக்ட்ரானை இந்த மின்புலம் பாஸ்பரஸ் பக்கம் தள்ளுகிறது, துளையைப் போரான் பக்கம் தள்ளுகிறது. மேலே தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் எலக்ட்ரானைச் சேகரிக்கின்றன. அது கம்பி வழியே பல்பைக் கடந்து, பின்புற உலோகப் பூச்சுக்கு வந்து, துளையோடு சேர்கிறது. எலக்ட்ரான் எதுவும் செலவாவதில்லை.

"பெரிய மின்கலம், அதிக வோல்ட்டேஜ்" என்பதும் பிழை. நல்ல வெயிலில் ஒரு சிலிக்கான் மின்கலத்தில் மல்டிமீட்டரை வைத்தால், சுமார் 0.6 வோல்ட் காட்டும். மின்கலத்தின் பாதியை அட்டையால் மறைத்துப் பாருங்கள். வோல்ட்டேஜ் சற்றுதான் இறங்கும், மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகும். வோல்ட்டேஜ் கூட வேண்டுமானால் மின்கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும்: 60 மின்கலங்கள் சேர்ந்தால் சுமார் 36 வோல்ட்.