மலைக்கோடு ஒத்துப்போனதும் எழுந்துவிடாதீர்கள்: படத்திலிருந்து இடம் தேடும்போது நேரும் தவறுகள்

2018 ஜூலையில் ஒரு வீடியோ பரவியது. ராணுவ உடையில் சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு மண்பாதையில் நடத்திச் சென்று சுட்டுக் கொல்கிறார்கள். மாலியில் நடந்தது என்றார்கள் சிலர், கேமரூன் என்றார்கள் சிலர். கேமரூன் அரசு அதைப் பொய்ச் செய்தி என்றது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ என்ற புலனாய்வுக் குழு அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. கேமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லையருகே, ஸெலெவெட் என்ற ஊருக்குச் சற்று வெளியே. படத்தை வைத்து இடம் தேடிப் பழகுகிறவர்கள் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று காட்ட இந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் தவறு, கண்ணை இழுப்பதைப் பிடித்துக்கொள்வது. அந்த வீடியோவில் கண் போவது துப்பாக்கிக்கும் சீருடைக்கும்தான். ஆனால் அவையெல்லாம் இடம் விட்டு இடம் போகிறவை. வாசல் பலகை, காரின் நம்பர் பிளேட், படத்தோடு வந்த தலைப்பு எல்லாமே அப்படித்தான். எந்த நாட்டுப் பக்கம் தேடலாம் என்று அவை சொல்லலாம், இடத்தை உறுதி செய்யாது. பிபிசி குழு பிடித்துக்கொண்டது வீடியோவின் தொடக்கத்தில், சுமார் 40 வினாடிகளில், பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் மேல்விளிம்புக் கோட்டை. மலை நகராது.

சரி, மலைக்கோடு கிடைத்துவிட்டது. அடுத்த தவறு, செயற்கைக்கோள் படத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே அந்தக் கோட்டைத் தேடுவது. மேலிருந்து பார்த்தால் மலை வெறும் நிழலும் மடிப்பும்தான். கூகுள் எர்த்தில் கீழே இறங்கி, ஆள் நிற்கும் உயரத்துக்கு வந்து, அடிவானத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் மேலே மிதந்துகொண்டு பார்த்தால்கூட, முன்னால் உள்ள குன்றுக்குப் பின்னாலிருந்து புதிதாக ஒரு சிகரம் எட்டிப் பார்க்கும், கோடு மாறிவிடும். கூகுள் எர்த் ப்ரோ வைத்திருந்தால் அமைப்புகளில் `Elevation Exaggeration` என்ற எண் 1 ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது அதை 2 ஆக்கி வைத்திருந்தால் எல்லா மலையும் இரட்டிப்பு உயரமாகி, சரியான இடத்தையே நீங்கள் ‘இது இல்லை’ என்று தள்ளிவிட்டுப் போவீர்கள். இன்னொன்று, படம் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப் பதிவேற்றப்பட்டிருந்தால் ஆயுளுக்கும் தேடினாலும் பொருந்தாது. எங்காவது எழுத்து தெரிந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். எழுத்தே இல்லையென்றால் படத்தைத் திருப்பி வைத்தும் ஒரு முறை தேடுங்கள்.

ஒரு நாட்டையே மலை மலையாகத் தேடித் தீர்க்கலாம் என்று உட்காருவதும் வீண்வேலை. பிபிசி குழுவும் மணிக்கணக்கில் தேடியது. கடைசியில் ஒரு கேமரூன்காரர், ‘ஸெலெவெட் பக்கம் பார்த்தீர்களா?’ என்று கேட்டார். அங்கேதான் கோடு பொருந்தியது. உள்ளூர்க்காரரின் ஒரு சொல் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். அந்தச் சொல்லை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே பார்ப்பது என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

என் கணக்கில் பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் வருகிறது. மலை பொருந்திய சந்தோஷத்தில் எழுந்துவிடுவது. ஒரு மலைத்தொடரைக் கிட்டத்தட்ட அதே வடிவில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு எங்கிருந்தும் பார்க்கலாம். அது வட்டாரத்தைச் சொல்லும், நின்ற இடத்தைச் சொல்லாது. பிபிசி குழு அதன் பிறகுதான் மண்பாதை, கட்டடங்கள், மரங்கள் என்று ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டது. இந்தக் கட்டத்தில் பொருந்துவதை எண்ணிக்கொண்டிருப்பதைவிடப் பொருந்தாததைத் தேடுவது நல்லது. படத்தில் பாதைக்கு இடப்பக்கம் வீடு இருக்க வேண்டும், செயற்கைக்கோள் படத்தில் வலப்பக்கம் இருக்கிறது என்றால், மற்ற ஐந்து விஷயம் பொருந்தினாலும் அங்கேயே நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டும்.

பொருந்தாததற்குப் பல சமயம் காரணம் தேதிதான். திறந்தவுடன் வரும் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஸெலெவெட் வீடியோவில் தெரிந்த ஒரு கட்டடம் 2016 பிப்ரவரி வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களில்தான் இருக்கிறது. அதற்குப் பிந்திய படத்தை மட்டும் பார்த்தவர் ‘இங்கே அப்படியொரு கட்டடமே இல்லை’ என்று போயிருப்பார். பழைய படங்களைப் புரட்டியதால் குழுவுக்கு அதுவே காலக்கெடுவாக மாறியது. சம்பவம் அதற்கு முன்னால்தான் நடந்திருக்க வேண்டும். அதே வீடியோவில் தெரியும் ஒரு சுற்றுச்சுவர் 2014 நவம்பர் படத்தில் இல்லை, 2015 மார்ச் படத்தில் இருக்கிறது. ஆக, சுவர் எழுந்த பிறகு. வீடியோவில் தெரியும் ஒற்றையடிப்பாதை ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையான வறட்சிக் காலத்தில் மட்டுமே தெரிகிற பாதை. கடைசியாக, நடந்து போகும் சிப்பாய்களின் நிழலை வைத்துச் சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டு, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே என்று சுருக்கினார்கள். மறுத்துக்கொண்டிருந்த அரசு பிறகு ஏழு சிப்பாய்களைக் கைது செய்தது. 2020இல் ராணுவ நீதிமன்றம் நான்கு பேருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஊருக்குள் எடுத்த படங்களில் வேறொரு வழுக்கல் உண்டு. அதில் நானே விழுந்திருக்கிறேன். நண்பர் ஒருவர் சென்னையில் எடுத்த படம் அனுப்பி, எங்கே நிற்கிறேன் சொல் என்றார். சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரமும், பட்டை போட்ட மெரினா லைட்ஹவுஸும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பேராலயத்துக்குப் பக்கத்துத் தெரு என்று அடித்துச் சொன்னேன். அவர் நின்றது தெற்கே பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு மொட்டைமாடியில். ஜூம் போட்டு எடுத்திருந்தார்.

அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இரண்டும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்று. இடையே இருப்பது முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பேராலயத்துக்குத் தெற்கே 700 மீட்டரில் நின்று எடுத்திருந்தால் லைட்ஹவுஸ் அதில் பாதி உயரம்தான் தெரியும். மூன்றரைக் கிலோமீட்டரில் நின்றால் ஆறில் ஐந்து பங்கு. படத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதே ‘வெகுதூரம்’ என்று கத்தியது, நான்தான் கேட்கவில்லை.

இப்படி இரண்டு அடையாளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தால், வரைபடத்தில் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டின் மேலோ அதன் அருகிலோதான் இருக்கும். தெற்கேயிருந்து பார்க்கும்போது லைட்ஹவுஸ் கோபுரத்துக்கு வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நின்றவர் கோட்டுக்குக் கிழக்கே, இடப்பக்கம் என்றால் மேற்கே. கோடு போடும்போது கோபுரத்தின் அடியில் புள்ளி வையுங்கள். செயற்கைக்கோள் பெரும்பாலும் சாய்ந்துதான் பார்க்கிறது, அதனால் உயரமான எதுவும் ஒரு பக்கம் படுத்ததுபோல் விழும். உச்சியில் புள்ளி வைத்தால் கோடு விலகி, சில கிலோமீட்டர் நீட்டியதும் வேறு தெருவில் கொண்டுபோய் விடும்.

அப்புறம் தெருவில் இறங்கி ஸ்ட்ரீட் வியூவில் பார்ப்போம் என்று போவீர்கள். அங்கே படம் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் கடையின் பெயரையோ சுவரின் வண்ணத்தையோ ஒப்பிடாதீர்கள். கடை மாறியிருக்கும், மாடி எண்ணிக்கை, ஜன்னல்களின் வரிசை, பால்கனியின் வளைவு அவ்வளவு சீக்கிரம் மாறாது. சென்னையைப் பொறுத்தவரை இந்த வசதி 2022 ஜூலையில்தான் வந்தது. 2010இல் எடுத்த படத்தோடு ஒப்பிட அந்தக் காலத்துத் தெருக்காட்சி அங்கே கிடைக்காது. பழைய செயற்கைக்கோள் படத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.