ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு மூன்று வார ஷிப்ட் அட்டவணை

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை யாருக்கு என்ற கேள்விதான் சின்னக் கடைகளில் மனக்கசப்பை உண்டாக்குகிறது. பழைய ஆட்கள் இருவர் அந்த நாளைத் தமக்கென்று வைத்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் புதனோ வியாழனோதான் வாய்க்கும். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் அந்த நாளில் துணி துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்யப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு சிறுநகரம். பலசரக்கு விற்கும் சின்ன டிபார்ட்மெண்டல் ஸ்டோர். வாரம் முழுவதும் காலை 8 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். ஊழியர்கள் ஆறு பேர். முதலாளி தனி, அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் நேரம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) சொல்வது எளிமையானது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. கடை 13 மணி நேரம் திறந்திருப்பதால் ஒருவரே திறந்து ஒருவரே மூட முடியாது. ஆகவே இரண்டு ஷிப்ட்.

காலை ஷிப்ட் 8 முதல் 5 வரை, மதிய ஷிப்ட் 12 முதல் 9 வரை. காலை ஆட்கள் 12 மணிக்குச் சாப்பிடப் போகும்போது மதிய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மதிய ஆட்கள் 4 மணிக்கு ஓய்வெடுக்கும்போது காலை ஆட்கள் இன்னும் கடையில்தான் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம், ஒரு மணி ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம் என்று அமைகிறது. பில் கவுண்டர் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். ஷட்டர் இறக்கும் நேரமும் வேலை முடியும் நேரமும் ஒன்றல்ல. பணத்தை எண்ணி, கணக்கு முடித்து, வெளியில் வைத்த சாக்குகளை உள்ளே இழுக்கக் கால் மணி நேரம் ஆகும். 8.45க்குக் கடைசி பில் என்று வைத்தால்தான் 9 மணிக்கு வீட்டுக்குப் போக முடியும். அட்டவணையில் 9 என்று எழுதிவிட்டு நாள்தோறும் 9.20க்கு அனுப்பும் கடையில் மற்றதெல்லாம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எந்த நாளில் எத்தனை பேர்

ஆறு பேர், ஆளுக்கு ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 36 ஆள் வேலை கிடைக்கிறது. அதை ஏழு நாளுக்கும் சமமாகப் பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. ஒரு மாத பில் தாள்களை எடுத்து, கிழமை வாரியாக எத்தனை பில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் கற்பனைக் கடையில் திங்களும் செவ்வாயும் மந்தம். புதனன்று மொத்தக் கடைச் சரக்கு இறங்குகிறது. வெள்ளியும் சனியும் கூட்டம். ஞாயிறு காலையில் கூட்டம், மாலையில் ஓரளவு.

ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் என்பது குறைந்தபட்சம்; ஒருவர் பில், ஒருவர் சரக்கு. அப்படியானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் நான்கு பேர். புதன் முதல் சனி வரை ஆறு பேரும் உண்டு. கூட்டிப் பார்த்தால் 36 சரியாக வருகிறது. ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு இரண்டு பேர் போதாது என்றால், அந்த நான்கு மணி நேரம் முதலாளி கவுண்டரில் உட்கார வேண்டும். உட்கார மனமில்லாத முதலாளி, ஊழியருக்கு ஞாயிறு விடுமுறை தருவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இதுதான் அட்டவணை

ஆறு பேரை மூன்று ஜோடிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே நாளில் விடுமுறை. ஜோடியில் ஒருவர் காலை, மற்றவர் மதியம்.

| | முதல் வாரம் | இரண்டாம் வாரம் | மூன்றாம் வாரம் |
|---|---|---|---|
| முதல் ஜோடி | ஞாயிறு | திங்கள் | செவ்வாய் |
| இரண்டாம் ஜோடி | திங்கள் | செவ்வாய் | ஞாயிறு |
| மூன்றாம் ஜோடி | செவ்வாய் | ஞாயிறு | திங்கள் |

வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது. நான்காம் வாரம் மறுபடி முதல் வாரம் போலவே. எல்லோருக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு கிடைக்கிறது. ஜோடியில் ஆளுக்கு ஒரு ஷிப்ட் என்பதால் எந்த ஜோடி விடுமுறையில் போனாலும் காலையில் இரண்டு பேர், மதியத்தில் இரண்டு பேர் தானாகவே மிஞ்சுகிறார்கள்.

முதல் ஜோடியில் இருப்பவர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு வீட்டில் இருக்கிறார். திங்கள் முதல் அடுத்த ஞாயிறு வரை ஏழு நாள் வேலை; திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை மீண்டும் ஏழு நாள், செவ்வாய் விடுமுறை. பிறகு புதன் முதல் சனி வரை நான்கே நாள், ஞாயிறு வந்துவிடுகிறது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் அவர் வேலைக்கு வருவதே இல்லை.

ஏன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற இந்த வரிசை

புதிதாக அட்டவணை போடுபவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் போவார்கள். ஒருவருக்கு நிரந்தரமாக வியாழன் விடுமுறை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வியாழனுக்குப் பதில் ஞாயிறு. கேட்க நன்றாக இருக்கிறது. தாளில் எழுதிப் பாருங்கள்: வியாழன் விடுமுறைக்குப் பின் வெள்ளி, சனி வேலை, ஞாயிறு ஓய்வு. அடுத்த விடுமுறை அதற்கடுத்த வாரத்து வியாழன். இடையில் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், பிறகு ஞாயிறு முதல் புதன் வரை நான்கு நாள், ஆகப் பத்து நாள் ஓய்வில்லாத வேலை. ஒவ்வொரு வாரமும் ஒரு விடுமுறை கொடுத்திருக்கிறீர்கள், சட்டக் கணக்கிலும் குறை இல்லை, ஆனால் எட்டாம் நாளிலிருந்து அந்த ஆள் சில்லறையைத் தவறாக எண்ணத் தொடங்குவார்.

காரணம் இதுதான்: அடுத்த வார விடுமுறை எத்தனை நாள் தள்ளிப் போகிறதோ அத்தனை நாள் வேலை நீளும். ஒரு நாள் தள்ளினால் ஆறு நாள் ஏழாகும், நான்கு நாள் தள்ளினால் பத்தாகும். ஞாயிறு எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும் என்றால் எப்போதாவது தள்ளித்தான் ஆக வேண்டும். அதை ஒவ்வொரு நாளாகத் தள்ளுவதுதான் மேலே உள்ள வரிசை.

ஷிப்ட் மாறுவது விடுமுறையில் மட்டும்

இரவு 9 மணிக்குக் கடையை மூடியவரை மறுநாள் காலை 8 மணிக்குத் திறக்கச் சொன்னால் இடையில் 11 மணி நேரம்தான். பஸ், சாப்பாடு, குளியல் எல்லாம் போக ஆறு மணி நேரம் தூங்கினால் அதிகம். ஆகவே காலையிலிருந்து மதியத்துக்கோ மதியத்திலிருந்து காலைக்கோ விடுமுறை நாளைத் தாண்டும்போது மட்டும் மாற வேண்டும். ஜோடிக்கு ஒரே விடுமுறை என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் இடம் மாறிக்கொள்கிறார்கள், கணக்குக் கெடுவதில்லை. ஆறு வாரம் முடிந்தால் ஒவ்வொருவருக்கும் 18 காலை, 18 மதியம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு பேரில் மூவருக்குத்தான் பில் போடத் தெரியும் என்றால், ஜோடிக்கு ஒருவராகப் பிரித்துவிட்டாலும் இந்த அட்டவணை ஓடாது. முதல் வாரம் சமாளித்துவிடும். இரண்டாம் வாரத் திங்களன்று பார்த்தால், விடுமுறையில் இல்லாத இரண்டு பில் ஆட்களும் ஒரே ஷிப்டில் நிற்பார்கள், மற்ற ஷிப்டில் கணினியைத் தொட ஆள் இருக்காது. எனவே அட்டவணையை ஒட்டுவதற்கு முன்பே ஆறு பேருக்கும் பில் போடக் கற்றுக்கொடுங்கள். அதோடு ஒருவரை நம்பிக் கடை நடத்தும் கவலையும் தீரும்.

இரவு 9 மணிக்கு ஊருக்குப் பஸ் இல்லாதவர்கள் இருப்பார்கள். அவரை எப்போதும் காலையில் போட்டால் ஜோடியில் இருப்பவருக்கு வாழ்நாள் முழுக்க மதியம்தான். அதைவிட அவருடைய மதிய ஷிப்டை மட்டும் 11 முதல் 8 வரை வைத்து, மூன்று மணிக்கு ஓய்வு கொடுக்கலாம். நான்கு பேர் மட்டும் உள்ள நாளில் கடைசி ஒரு மணி நேரம் முதலாளி கூட இருக்க வேண்டும்.

பழைய முறையிலிருந்து மாறும் வாரம்

முதல் வாரம் எந்த ஜோடிக்கு எந்த நாள் என்று சீட்டுப் போட்டு எடுக்காதீர்கள். முந்தைய வாரம் சனிக்கிழமை விடுமுறை எடுத்தவர் செவ்வாய் வரை காத்திருக்கலாம். முந்தைய ஞாயிறே எடுத்துவிட்டவரைச் செவ்வாயில் போட்டால் எட்டு நாள் தொடர் வேலை. கடைசி விடுமுறை எப்போது என்று ஆளுக்கு ஆள் கேட்டு, அதிக நாள் ஆனவரை ஞாயிறு ஜோடியில் போடுங்கள்.

முகூர்த்தமும் பண்டிகையும்

அடுத்த மூன்று வாரத்தை எழுதுவதற்கு முன் நாள்காட்டியில் முகூர்த்த நாள்களைப் பாருங்கள். ஆவணியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்தால் நான்கு பேரும் ஒரே நாளில் கல்யாணத்துக்குப் போகக் கேட்பார்கள். உறவினர்கள் இருவர் கடையில் இருந்தால் அவர்களை ஒரே ஜோடியில் போடுவது நல்லது. வீட்டு விசேஷம் இருவருக்கும் ஒன்றுதான். விடுமுறை நாளை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு, ஆனால் ஒரே ஷிப்டில் இருப்பவரோடு மட்டும், இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு. வாய்மொழியாக மாற்றிக்கொண்டால் ஞாயிறு காலை இருவருமே வரமாட்டார்கள்.

பண்டிகை விடுமுறைக்கு இந்த அட்டவணையில் இடமில்லை. அது தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் 1958 ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள், மொத்தம் ஒன்பது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ தர வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொங்கல், ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று கட்டம் போட்டு, யார் எதற்கு வீட்டில் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். போன தீபாவளிக்கு யார் கடையில் நின்றார்கள் என்பதை முதலாளி மறந்துவிடுவார், நின்றவர் மறக்கமாட்டார்.

ஐந்து பேர்தான் இருந்தால்

ஒரு நாளைக்கு நான்கு பேர் கட்டாயம் என்றால் ஒருவருக்கு மட்டுமே விடுமுறை தர முடியும். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஐந்து வாரத்தில் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போங்கள். தொடர் வேலை அப்போதும் ஏழு நாளைத் தாண்டாது, ஆனால் ஞாயிறு ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். அது போதாது என்று ஊழியர்கள் நினைத்தால் அட்டவணையைத் திருப்பித் திருப்பி எழுதிப் பலனில்லை. ஞாயிறு மதியம் 12 மணிக்குக் கடையை மூடிப் பாருங்கள். காலைக்கு மூன்று பேர் போதும். இரண்டு பேர் வீட்டில் இருக்கலாம்.