பொம்மைப் பெட்டியில் வயதை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள்

பொம்மைப் பெட்டிக்கு எழுத வரும் புதியவர்கள் முன்பக்க வரிக்கு நாள் கணக்கில் மெனக்கெடுகிறார்கள். பின்பக்கத்தை அச்சுக்குப் போகும் அவசரத்தில் நிரப்புகிறார்கள். எழுத்துப்பிழை போன்றவற்றை விடுங்கள், அதை யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பணத்தைக் கரைக்கும் தவறு வேறு.

முன்பக்கம் ஒரு வயது, பின்பக்கம் ஒரு வயது

ஒரு பண்ணை விலங்கு செட். அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கோழிக்குஞ்சு. முன்பக்க வரி அருமையாக இருந்தது: "குஞ்சு எங்கே ஒளிஞ்சிருக்கு? கண்டுபிடி!" அதன் கீழேயே "தவழும் செல்லங்களுக்கும்!" என்று ஒரு வரி. பின்பக்கத்தில் "3+" மட்டும். பெட்டிகள் அச்சாகி வந்த பிறகுதான் சோதனைக்கூடம் நிறுத்தியது.

காரணம் எளிது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளை ஒன்று இருக்கிறது. அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சிறிய பாகம்தான். 3 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில் அது இருக்கவே கூடாது. எச்சரிக்கை அச்சிட்டாலும் செல்லாது. பொம்மை யாருக்கானது என்பதை "3+" முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அமெரிக்க விதி விளம்பரத்தையும் விற்கும் விதத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. ஆக, "தவழும் செல்லங்கள்" என்ற அந்த வரியே பொம்மையைத் தடைக்குள் தள்ளிவிட்டது. இன்றும் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்னொன்று, "3+" என்பதைப் பெற்றோர் புத்திசாலித்தன அளவாகப் படிக்கிறார்கள். "என் பிள்ளை சூட்டிகை, இரண்டு வயதிலேயே விளையாடுவான்" என்று வாங்கிவிடுவார்கள். 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், "3 வயதுக்கு மேல் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற பொம்மையை இரண்டு வயதுக் குழந்தைக்கு வாங்குவோம் என்றவர்கள் 44 சதவீதம். "3 வயதுக்குக் கீழ் வேண்டாம், சிறிய பாகங்கள்" என்றதும் அது 5 சதவீதமானது. காரணத்தைச் சொன்னால் கேட்கிறார்கள்.

அந்தப் பெட்டியை இப்படித் திருத்தினோம். முன்பக்கத்தில் கண்டுபிடி வரி அப்படியே இருந்தது, தவழும் வரி போனது. பின்பக்கத்தில்: "எச்சரிக்கை: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. கோழிக்குஞ்சு போன்ற சிறிய பாகங்கள் தொண்டையில் அடைத்து மூச்சுத்திணறல் ஏற்படலாம்." அப்புறம் முன்பக்கப் படத்திலும் கைக்குழந்தையை எடுத்துவிட்டு, ஓடியாடும் வயதுப் பிள்ளையை வைத்தோம்.

"100% பாதுகாப்பானது"

எழுதாதீர்கள். எந்தச் சோதனையும் அப்படி உறுதி தருவதில்லை. "வண்ணப்பூச்சில் ஈயம் உள்ளதா எனச் சோதிக்கப்பட்டது, வரம்புக்குள் உள்ளது" என்று எழுதுங்கள், அதற்கான சோதனை அறிக்கை கையில் இருந்தால் மட்டும்.

வெளிர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து

வேண்டாம்.

கழுவும் முறை பெட்டியில் மட்டும்

பெட்டி அன்றே குப்பைக்குப் போகும். உள்ளே ஒரு துண்டுச்சீட்டிலும் அச்சிடுங்கள்.