கடைங்க சேர்ந்தப்புறம் பேர் மாத்தறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் பக்கம் ரெண்டு கடை ஒண்ணா சேர்றது இப்ப அடிக்கடி நடக்குது. அப்பா காலத்துல அண்ணன் தம்பி தனித்தனியா வச்சிருந்ததை பசங்க சேர்க்கறாங்க, இல்லன்னா ஒருத்தருக்கு வயசாகி பக்கத்து கடைக்காரரோட கூட்டு போட்டுக்கறாங்க. நான் இங்க ஜிஎஸ்டி, பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதற வேலை பாக்கறேன். பேர் மாத்தணும்னு புதுசா வர்றவங்க எல்லாரும் முன்னாடி வந்தவங்க செஞ்ச அதே தப்பை அப்படியே செய்றாங்க, அதான் எழுதறேன். லோகோ கலர், ஸ்பெல்லிங், நியூமராலஜி இதெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அதுக்குள்ள போகல.

பழைய பேரை ஒரே நாள்ல கழட்டறது

இத்தனை வருஷமா பாத்தும் எனக்கு இன்னும் கோவம் வர்ற தப்பு இதுதான்.

லாங் பஜார் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல ஓடின பம்பு செட் கடை ஒண்ணு, அம்மன் பேர்ல இருந்துது. காட்பாடி ரோட்ல பைப்பு, ஃபிட்டிங்ஸ் விக்கற இன்னொரு கடை. ரெண்டும் சேர்ந்துது, ரெண்டு பேரோட முதல் எழுத்தையும் சேர்த்து மூணு இங்கிலீஷ் எழுத்துல ஒரு பேர் வச்சாங்க. தை மாசம் நல்ல நாள் பாத்து ரெண்டு போர்டையும் இறக்கிட்டு புது போர்டு ஏத்தினாங்க. பில்லு, கவரு, கேலண்டர், டெம்போல எழுதியிருந்த பேரு எல்லாமே ஒரே வாரத்துல மாறிடுச்சு, அம்மன் பேர் எங்கயும் இல்ல.

தை, மாசி ரெண்டு மாசமும் சேல்ஸ் குறையல. ஓனரும் பாத்தீங்களா சார், ஒண்ணும் ஆகலன்னாரு. ஆகாதுதான், ஏன்னா அந்த ரெண்டு மாசத்துல கடைக்கு வந்தவங்க பிளம்பரும் கான்ட்ராக்டரும். அவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றவங்க, ஓனர் மூஞ்சிய பாத்து வர்றவங்க, போர்டை நிமிந்தே பாக்க மாட்டாங்க. பம்பு வாங்கற விவசாயி அப்படி இல்ல. மோட்டார் எரிஞ்சாதான் அவருக்கு கடை ஞாபகம் வரும், அதுவும் மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பங்குனியிலருந்து வைகாசிக்குள்ள, போர்ல தண்ணி இறங்கி மோட்டார் காத்துல ஓடி காயில் எரியற நேரத்துல. அவசரத்துல பஸ் ஏறி வர்றவர் மனசுல இருக்கறது அம்மன் பேரும் பச்சை போர்டும் மட்டும்தான்.

அதனால அடி சித்திரையிலதான் தெரிஞ்சுது. மொத்த சேல்ஸ பாத்தா அப்பவும் பெருசா தெரியல, கான்ட்ராக்டர் பில்லு அத மறைச்சுடுச்சு. நான் பம்பு பில்லை மட்டும் தனியா எடுத்து ஊர்வாரியா பிரிக்க சொன்னேன். டவுன், சத்துவாச்சாரி, காட்பாடி எல்லாம் போன வருஷம் மாதிரியே இருந்துது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கம்தான் பாதிக்கும் கீழ போயிருந்துது. பழைய பில்லு புக்குல இருந்த நம்பருக்கு கடைப்பையன் போன் பண்ணான், ஒடுகத்தூர்காரர் ஒருத்தர் சொன்னது இது: "வந்தம்பா, போர்டுல வேற பேரு இருந்துச்சு. எதுர டீக்கடைல கேட்டா கைமாறி பூட்ச்சுன்னாங்க. தெரியாதவங்ககிட்ட இன்னாத்துக்கு வாங்கறதுன்னு வேற எடத்துல வாங்கிக்கினு பூட்டேன்." அவர் அந்த டீக்கடையில நின்னப்போ பழைய ஓனர் கடைக்குள்ள அதே கல்லாவுலதான் உக்காந்திருந்தாரு.

எல்லாரும் என்கிட்ட கேக்கறது பழைய பேரை எத்தனை மாசம் வச்சிருக்கணும்னு. ஆறு மாசம்னு அவங்களே ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அது எங்கருந்து வந்துதுன்னு எனக்கு புரியல. உங்க கஸ்டமர் திரும்ப வர எவ்வளவு நாள் எடுக்கறாருன்னு பாருங்க, அதுதான் கணக்கு. அரிசிக்கடைன்னா மாசா மாசம் வர்றாங்க, மூணு மாசம் போதும். யூனிஃபார்ம் துணிக்கடைன்னா ஜூன்ல ஒரு தடவைதான் வர்றாங்க, அப்ப ரெண்டு ஜூன் தாண்டணும். பம்புன்னா நாலு வருஷம். ஆரணி பட்டு விக்கற கடைன்னா ஒரு வீட்ல அடுத்த கல்யாணம் எப்ப வருதோ அப்ப, அங்க பழைய பேரை எடுக்கவே வேணாம்னு சொல்லுவேன்.

சட்டமே இதுல கொஞ்சம் பொறுமையா இருக்கு. கம்பெனியா பதிவு பண்ணியிருந்தா, பேர் மாத்தி ரெண்டு வருஷம் வரைக்கும் போர்டுலயும் லெட்டர்ஹெட்லயும் பில்லுலயும் பழைய பேரையும் சேர்த்து போடணும்னு 2013 கம்பெனி சட்டம் 12வது பிரிவு சொல்லுது. பார்ட்னர்ஷிப் கடைக்கு அந்த கட்டாயம் இல்ல, ஆனா குறைஞ்ச அளவு அதுன்னு வச்சுக்கலாம். சிண்டிகேட் பேங்க் கனரா பேங்க்கோட சேர்ந்தது 2020 ஏப்ரல் 1ல, பழைய ஐஎஃப்எஸ்சி கோடு 2021 ஜூன் 30 வரைக்கும் ஓடுச்சு. கஸ்டமரோட விலாசம், போன் நம்பர் எல்லாம் கையில இருக்கற பேங்க்குக்கே அந்த ஒரு கோடுக்கு பதினஞ்சு மாசம் தேவைப்பட்டுது.

நான் சொல்றது இப்படி. முதல் போர்டுல பழைய பேர் பெருசா, அதே கலர்ல, அதே எழுத்துல இருக்கட்டும், புது பேர் கீழ சின்னதா. அடுத்த போர்டுல ரெண்டும் சரிசமமா. மூணாவதுல புது பேர் பெருசு, கீழ "முன்பு" போட்டு பழைய பேர். எப்ப அடுத்த போர்டுக்கு போகணும்னு கேலண்டர பாக்காதீங்க. கல்லாவுல ஒரு நோட்டு வச்சு, வர்றவங்க எந்த பேர சொல்லி கேட்டாங்கன்னு கோடு போட்டுக்கினே வாங்க, போன்ல கேக்கறவங்களையும் சேர்த்து. பத்து பேர்ல ஒருத்தர் ரெண்டு பேர்தான் பழைய பேர சொல்றாங்கன்னு ஆனப்புறம் அடுத்தத மாத்துங்க. ஆனா சீசன்ல போட்ட கோட்டை வச்சுதான் முடிவு பண்ணணும். ஐப்பசியில எண்ணிட்டு எல்லாரும் பழகிட்டாங்கன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, அப்ப பம்பு வாங்கறவங்க வந்திருக்கவே மாட்டாங்க.

போர்டு இறங்கறதுக்கு முன்னாடி நேர்ல போய் சொல்ல வேண்டியவங்க இருக்காங்க: ஊர்ல மோட்டார் காயில் கட்டற மெக்கானிக், போர் போடறவங்க, எதிர்ல இருக்கற டீக்கடைக்காரர், ஸ்டாண்டுல நிக்கற ஆட்டோக்காரங்க. வழி கேக்கறவங்களுக்கு பதில் சொல்றது இவங்கதான். "அதே கடை, அதே ஆளுங்க, பேர் மட்டும் மாறியிருக்கு" இந்த ஒரு வரி அவங்க வாயில வந்தாலே போதும். பழைய பேர்ல சீல் போட்ட வாரண்டி கார்டு எடுத்துக்கினு வர்றவருக்கு ஒரு கேள்வி கேக்காம செஞ்சு குடுங்க, அவர் ஊர்ல போய் சொல்றதுக்கு ஈடா எந்த விளம்பரமும் கிடையாது.

அந்த கடையில அப்புறம் பழைய பேரை திரும்ப ஏத்தினாங்க, அடுத்த வெயிலுக்கு கொஞ்சம் பேர் வந்தாங்க. எல்லாரும் வரல, வரவும் முடியாது. வேற கடையில வாங்கினவருக்கு வாரண்டி அங்க இருக்கு, மோட்டார் எரிஞ்சா அங்கதான் போவாரு. ஒரு போர்டால போன கஸ்டமர் ஒரு முழு சுத்து முடிஞ்சுதான் திரும்ப யோசிப்பாரு.

பழைய போன் நம்பர்

கட் பண்ணாதீங்க. 0416ல ஆரம்பிக்கற பழைய லேண்ட்லைனா இருந்தாலும் சரி.

கூகுள் மேப்ல புதுசா ஒரு கடை போடறது

பழைய லிஸ்டிங்கை நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டுட்டு புதுசு ஆரம்பிக்கறாங்க. அப்ப பழைய பேர தேடறவருக்கு கடை மூடிட்டாங்கன்னு கூகுளே சொல்லும், ரிவ்யூவும் போயிடும். இருக்கற லிஸ்டிங்லயே பேரை எடிட் பண்ணுங்க. ரெண்டு கடையும் வேற வேற இடத்துல தொடர்ந்து ஓடுதுன்னா ரெண்டு லிஸ்டிங்கும் இருக்கட்டும்.

பழைய பேர் யாருதுன்னு எழுதாம விடறது

பத்திரத்துல சரக்கு, கடன், அட்வான்ஸ், டெம்போ எல்லாம் எழுதுவாங்க, பேரை பத்தி ஒரு வரி இருக்காது. 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி வெளிய போற பார்ட்னர் போட்டியா கடை வைக்கலாம், ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா பழைய ஃபர்ம் பேர உபயோகிக்கக்கூடாது, பழைய கஸ்டமரை கூப்பிடவும் கூடாது. சிக்கல் அவரால வர்றதில்ல. பார்ட்னராவே இல்லாத மச்சானோ, பத்து வருஷம் வேலை செஞ்ச பையனோ ரெண்டு தெரு தள்ளி அதே அம்மன் பேர்ல கடை திறப்பாங்க, பழைய பேர தேடி வர்றவங்க நேரா அங்க போவாங்க.

அதனால ரெண்டு பழைய பேரும் அதோட குட்வில்லும் புது ஃபர்முக்கு சொந்தம்னு பத்திரத்துல எழுதுங்க. ட்ரேட்மார்க் பதிவு இருந்தா அதையும் புது ஃபர்ம் பேருக்கு மாத்துங்க. பதிவு பண்ணிட்டு உள்ள வச்சிருந்தாலும் உதவாது, தொடர்ந்து அஞ்சு வருஷத்துக்கு மேல உபயோகிக்கலன்னா, அந்த பதிவால பாதிக்கப்படறவங்க நீக்க சொல்லி மனு போடலாம். பில்லுல சின்னதா பழைய பேர் தொடர்ந்து வர்றது இதுக்கும் நல்லது.

க்யூஆர்லயும் பில்லுலயும் திடீர்னு வேற பேரு

கஸ்டமர் ஸ்கேன் பண்றாரு, போன்ல தெரியாத பேர் வருது, நிறுத்திடறாரு. வயசானவங்க பணமே அனுப்ப மாட்டாங்க, அது சரியான ஜாக்கிரதைதான். ஸ்கேனர் பக்கத்துலயே "இந்த பேர்தான் வரும்"னு பெருசா எழுதி ஒட்டுங்க. பழைய பேர்ல செக் வந்துக்கினே இருக்கும், அதனால பழைய கரண்ட் அக்கவுண்ட்டை அவசரப்பட்டு மூட வேணாம்.

கான்ட்ராக்டர் கஸ்டமர் போறது பெரும்பாலும் ஜிஎஸ்டியாலதான். ஒரு ஃபர்முக்குள்ள இன்னொண்ணு சேர்ந்து பேர் மட்டும் மாறுதுன்னா பேன் அதேதான், ஜிஎஸ்டி நம்பரும் அதேதான், 15 நாளுக்குள்ள REG-14ல திருத்தம் போட்டா போதும். புது ஃபர்ம் ஆரம்பிச்சு புது பேன் வாங்கினா ஜிஎஸ்டி நம்பரே மாறிடும், பழைய ஃபர்ம்ல மிச்சம் இருக்கற கிரெடிட்டை ITC-02 போட்டு மாத்தணும். புது நம்பரை கான்ட்ராக்டருங்களுக்கு முன்கூட்டியே எழுத்துல குடுங்க. அவங்க ஆபீஸ்ல பழைய நம்பர்ல ஆர்டர் போட்டு, உங்க பில்லு வேற நம்பர்ல போனா, அங்க இருக்கற அக்கவுண்டன்ட் பேமென்ட்டை நிறுத்தி வைப்பாரு. ரெண்டு தடவை அப்படி ஆச்சுன்னா அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராது.

சேர்றதுக்கு எந்த வழின்னு இன்னும் முடிவு பண்ணலன்னா, வாடிக்கை அதிகமா இருக்கற ஃபர்மை அப்படியே வச்சுக்கினு இன்னொண்ணை அதுக்குள்ள கொண்டு வர முடியுமான்னு உங்க ஆடிட்டரை முதல்ல கேளுங்க. முடிஞ்சா அந்த ஃபர்மோட ஜிஎஸ்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட், க்யூஆர் மூணும் மாறாம நிக்கும், மாத்த வேண்டியது போர்டு மட்டும்தான்.