வெள்ளச் சுத்தப் பணி வீடியோவுக்குப் பின்னணிக் குரல் எழுதும்போது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தங்கச்சிமடம், தொண்டி பக்கம் இளைஞர்கள் தெருவைச் சுத்தம் செய்யும் வீடியோக்கள் நிறைய வரும். அவற்றில் பின்னணிக் குரல் பெரும்பாலும் படத்தையே திரும்பச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத காரணத்தைச் சொல்லுங்கள்.

கால்வாய் முகத்தில் மண்வெட்டியோடு நால்வர் நிற்கும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். “இளைஞர்கள் மணலை அள்ளுகிறார்கள்” என்பது வீண். “கடல் அலை ஒதுக்கிய மணல் கால்வாயின் வாயை அடைத்துவிட்டது. ஓதம் வற்றும் நேரத்தில் வெட்டினால்தான் தெருத் தண்ணீர் கடலுக்குள் இறங்கும்” என்று எழுதினால், அவர்கள் ஏன் அந்த நேரத்தில் அவசரப்படுகிறார்கள் என்பது புரியும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு நிமிட வீடியோவுக்கு 80, 90 சொல் போதும். முதல் சில விநாடிகளை மண்வெட்டிச் சத்தத்துக்கே விட்டுவிடுங்கள். எழுதியதைப் படத்தை ஓடவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

அப்புறம், குரலைக் கடற்கரையில் பதிய வேண்டாம். வாடைக்காற்று மைக்கில் மோதி இரைச்சலாகும். வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.