ஒலியில்லாமல் பார்ப்பவருக்கு ‘கூடாது’ தவறாமல் போய்ச் சேர

கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு குறுங்காணொளி தயாரித்தோம். பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் மென்பொருள் எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்து, திரையின் அடியில் எழுத்தாக வரும் வசனத்தை வெட்டியதில், இரண்டாவது துண்டு திரையில் இப்படி நின்றது: “கூடாது சுத்தமான தண்ணீரால் கழுவ”. ஒலியில்லாமல் பார்ப்பவருக்கு இது நேரெதிரான அறிவுரை!

தமிழில் ஆமா, இல்லையா என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். ஆகவே நீளத்தை விட்டுவிட்டு, வினைமுற்று எங்கே வருகிறதோ அங்கே வெட்டினேன். SRT வகை வசனக் கோப்பை எளிய உரைத்திருத்தியில் திறந்து இப்படி மாற்றினேன்:

```
1
00:00:04,000 --> 00:00:07,000
கண்ணில் தூசி விழுந்தால்
கையால் கசக்கக் கூடாது.

2
00:00:07,100 --> 00:00:09,600
சுத்தமான தண்ணீரால்
கழுவ வேண்டும்.
```

ஒரு துண்டில் இரண்டு வரி போதும். ‘விழுந்தால்’ போன்ற எச்சத்துக்குப் பின் வரியை மடக்கினால் கண் தடுமாறாது. நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையே வருவது காற்புள்ளி. புள்ளி வைத்தால் சில செயலிகள் கோப்பை ஏற்பதில்லை. சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பேச்சு வேகமாக இருக்கும் இடங்களில் ‘வந்து’, ‘அதாவது’ போன்றவற்றை நீக்கினேன். எதிர்மறைச் சொல்லையும் அளவையும் மட்டும் ஒருபோதும் தொடவில்லை. பிறகு, காணொளியை முன்பு பார்க்காத ஒருவரிடம் ஒலியை அணைத்துக் கொடுத்து, என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டேன். “கசக்காமல் கழுவச் சொல்கிறது” என்றார்.