வாயைத் திறந்தால் ‘டக்’ சத்தம்: வீட்டில் என்ன செய்யலாம், எப்போது கிளம்ப வேண்டும்

போன வருடம் பட்டர்வொர்த்தில் எங்கள் பல் கிளினிக்குக்கு ஓர் அக்கா வந்தார். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் போர்டு பார்க்கும் வேலை. நாலைந்து மாதமாக, வாயைத் திறக்கும்போதெல்லாம் வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று சத்தம். வேலை முடியும் நேரத்தில் கன்னம் வலிக்கும். ஒரு நாள் பாசார் மாலாமில் சுட்ட சோத்தோங் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் சத்தத்தைக் காணோம்.

“சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன் டாக்டர். ஆனா சாப்பாட்டுக் கரண்டி வாய்க்குள்ள போகல” என்றார். அதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது.

தாடைச் சத்தத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இந்த அக்காவின் கதையிலேயே இருக்கிறது. சத்தம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சத்தம் நின்று வாயும் சுருங்கினால்தான் ஓட வேண்டும். ஏன் அப்படி என்று முதலில் பார்ப்போம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒன்று உருண்டு முன்னால் போகும். அதுதான் தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டில் இருக்கும் குழிக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு கொஞ்சம் முன்னால் வழுக்கியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்புத் தலை அதன் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் ‘டக்’. மூடும்போது மறுபடி இறங்கும், அப்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்கலாம். இப்படிச் சத்தம் உள்ளவர்கள் ஏராளம். வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் சிகிச்சையே தேவையில்லை.

தட்டு ஒரேயடியாக முன்னால் சிக்கிக்கொண்டால் எலும்பால் அதன்மேல் ஏற முடியாது. ஏறாததால் சத்தம் இல்லை, வாயும் பாதியிலேயே நின்றுவிடும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

முதல் படி: அளந்து வையுங்கள்

உங்கள் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் வாய் குறைவாகத் திறக்கிறது என்று அர்த்தம். ஸ்கேல் இருந்தால் மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனிவரை அளக்கலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 35-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். தேதி போட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அளந்தால் போதும். சத்தம் வருகிறதா என்று நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்ப்பது தாடை மூட்டை இன்னும் புண்ணாக்கும்.

இரண்டாம் படி: பல்லோடு பல் சேராமல் வைப்பது

இதுதான் முக்கியமான படி. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் உற்றுப் பார்த்து வேலை செய்கிறவர்கள், காலையில் பினாங்குப் பாலத்து ஜாமில் உட்கார்ந்திருப்பவர்கள், தங்களுக்கே தெரியாமல் மணிக்கணக்கில் கடித்துக்கொண்டே இருப்பார்கள். கன்னத் தசை அதனால்தான் சாயங்காலத்தில் வலிக்கிறது.

‘மான்’ என்று சொல்லி, கடைசி ‘ன்’னில் அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னால் அண்ணத்தில் நிற்கும். (‘பந்து’ என்று சொன்னால் நாக்கு பல்லில் இடிக்கும், அது வேண்டாம்.) நாக்கு அங்கேயே இருக்கட்டும். உதடு லேசாக மூடியிருக்கட்டும், உள்ளே பற்கள் தொடாமல் இருக்கட்டும். தாடைக்கு ஓய்வு கிடைப்பது இந்த நிலையில்தான்.

தெரிந்துகொள்வது எளிது, நினைவில் வைப்பதுதான் கஷ்டம். அந்த அக்காவிடம் மைக்ரோஸ்கோப் ஓரத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பார்க்கலாம்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் மிருதுவான சாப்பாடு

இட்லி, இடியாப்பம், கஞ்சி, குழைந்த சோறு, மீன் எல்லாம் சரி. முறுக்கு, கச்சாங் பூத்தே, சோத்தோங், கரும்பு, சூயிங்கம் வேண்டாம். தே ஐஸ் குடித்துவிட்டு அடியில் கிடக்கும் ஐஸை நொறுக்கும் பழக்கமும் வேண்டாம். ரொட்டி சானாய் மிருதுவானது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஓரம் நல்ல ஜவ்வு, டாலில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். பர்கரை வாய் பிளந்து கடிக்காமல் வெட்டிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் நாக்கை அண்ணத்தில் அழுத்தி, முகவாய்க்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குங்கள்.

நான்காம் படி: சூடும் பயிற்சியும்

துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள். காலை, இரவு இரண்டு வேளை. அப்புறம் கண்ணாடி முன் நின்று, நாக்கு ‘ன்’ இடத்தை விட்டு நகராமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். 6 தடவை. இப்படி ஒரு நாளில் சில முறை. தாடை ஒரு பக்கம் இழுக்காமல் நேராக இறங்க வேண்டும். ‘டக்’ வந்தால் அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். வலி கூடினால் விட்டுவிடுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும்: பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 8-க்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு எடுங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுப்ரோஃபென் பக்கம் போகாதீர்கள். நம் ஊரில் அது டெங்குவாக இருக்கலாம், அந்த மாத்திரையால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

எப்போது கிளம்ப வேண்டும்

நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். அரசு ‘கிளினிக் பெர்கிகியான்’ போதும், தேவைப்பட்டால் அவர்களே வாய், தாடை அறுவை நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஆனால் வாய் திடீரென்று இரண்டு விரலுக்குச் சுருங்கினால் நாலு வாரம் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போங்கள். புதிதாகச் சிக்கிய தட்டைக் கையால் தாடையை இழுத்து விடுவிக்க முடியலாம், நாளாக ஆக அது கடினம். பற்கள் பழையபடி பொருந்தாமல் போவது, கன்னம் மரத்துப்போவது, மூட்டுக்கு மேல் கட்டி, காரணமில்லாமல் உடல் இளைப்பது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

வாய் திறந்தபடி மூட முடியாமல் நின்றாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலோ அன்றே அவசரப் பிரிவு. 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, கூடவே புதிய தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அதுவும் அன்றே. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தாமதித்தால் கண் போய்விடும். படி ஏறும்போது தாடை வலித்து, நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது மூட்டு வலி என்று நினைக்கவே வேண்டாம். 999-ஐ அழையுங்கள்.

அக்காவுக்கு முதல் நாள் அளந்தபோது 27 மில்லிமீட்டர். வாய் திறக்கும்போது தாடை வலது பக்கமே சாய்ந்தது. கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்பினேன். மூன்று வாரம் ஆகிவிட்டதால் கையால் இழுத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. மூட்டுக்குள் ஊசி வழியாக உப்புநீர் செலுத்திக் கழுவினார்கள், இரவுக்கு ஒரு பல் கவசம் செய்து கொடுத்தார்கள். பயிற்சியை அவர் விடவே இல்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது 38 இருந்தது. சாப்பாட்டுக் கரண்டி போகிறதா என்று கேட்டேன். “போகுது டாக்டர், சோத்தோங்தான் இன்னும் தொடல” என்றார்.